அளவுகோலுக்குப் போட்ட செருப்பு

என் அண்ணன் என்னிடம் உதவி என்று கேட்டு வருகிற ஆள் இல்லை. சைக்கிள் சங்கிலி அறுந்தாலும், காய்ச்சல் வந்தாலும் தானே பார்த்துக்கொள்வான். அப்படிப்பட்டவன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் ரவாங்கிலிருந்து பஸ் மாறி, பத்தாங் பெர்ஜுந்தாயில் இன்னொரு பஸ் பிடித்து, வியர்வையும் தூசியுமாக எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, மைலோ கலக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். அப்போதே எனக்குப் பகீரென்றது.

"தங்கச்சி, நீ ஆபீஸ்ல மண்ணு கணக்குத்தானே போடுற?"

ரவாங்கில் மண்வேலைகளுக்கு அளவெடுத்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நான் டெக்னீஷியன். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டுச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. என் வேலையை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. "மண்ணு கணக்கு" என்று அண்ணன் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஆமாம், அதற்கென்ன என்றேன்.

விஷயம் இதுதான். எஸ்டேட்டில் அப்போது பழைய ரப்பரை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேகத்தில் துரையின், அதாவது எஸ்டேட் மேனேஜரின், கண் எங்கள் பந்துத் திடல் மேல் விழுந்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மேடு, எதிர்ப் பக்கம் பள்ளம். மழை பெய்தால் பள்ளத்துக் கோல் கம்பத்தின் முன்னால் குளம். வாத்துகள் வந்து நீந்தும். வருஷத்தில் பாதி நாள் விளையாட முடியாத இடத்தை எதற்கு விட்டுவைக்க வேண்டும், அங்கேயும் கன்று நட்டுவிடலாமே என்பது துரையின் எண்ணம். பந்துக் குழுவின் கேப்டனும் கோல் கீப்பரும் என் அண்ணன்தான். டிராக்டர் ஓட்டுகிறவன். நேரே எஸ்டேட் ஆபீசுக்குப் போய் நின்றிருக்கிறான். துரையும் ஒன்றும் கல்நெஞ்சர் இல்லை. காடு வெட்ட வருகிற புல்டோசரை வார இறுதியில் இரண்டு நாள் தருகிறேன், திடலை நீங்களே சமன் செய்துகொள்ளுங்கள் என்றார். வெளியிலிருந்து ஒரு லோரி மண் கூடத் தரமாட்டேன், மிச்ச மண்ணை அள்ளவும் லோரி கிடையாது. அதற்கப்புறமும் தண்ணீர் தேங்கினால் அடுத்த நடவில் திடல் போய்விடும். அவ்வளவுதான் பேச்சு.

"அப்படின்னா மேட்டுல வெட்டுற மண்ணும் பள்ளத்துல கொட்டுற மண்ணும் சரியா இருக்கணும்," என்றேன்.

"அதான், நீ கணக்குப் போட்டுருவேலா," என்றான், ஏதோ சட்டைக்குப் பித்தான் தைக்கச் சொல்வதைப் போல.

எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கு எரிச்சல் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை என்பது வேறு விஷயம். வாரம் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு சனி ஞாயிறும் வெயிலா என்று கத்தினேன். ஆனால் அந்தத் திடல் இல்லாத அண்ணனை நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மைலோவைக் குடித்துவிட்டு, கருவிக்கு என்ன வழி என்று கேட்டேன்.

கருவி எஸ்டேட் ஸ்டோரிலேயே இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து டம்பி லெவல். பித்தளையில் குட்டைத் தொலைநோக்கி, அதன் மேல் ஒரு நீர்மட்டக் குழாய், கீழே முக்காலி. தொலைநோக்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை ஒரே மட்டத்தில் ஓடும், அதுதான் அதன் ஒரே வித்தை. பழைய காலத்துக் கண்ணாடி என்பதால் அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆள் நின்றால் வானத்திலிருந்து தொங்குவார். அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க இரண்டு முளை அடித்து, கருவியை நடுவில் வைத்தும் ஓரத்தில் வைத்தும் பார்த்தேன். கிழட்டுக் கருவி சொக்கத்தங்கமாக இருந்தது.

அளவுகோல் மட்டும் புதியது. எங்கள் தொழிலில் ஸ்டாஃப் என்போம். கறுப்பும் சிவப்புமாகக் கோடு போட்ட நீண்ட மரச்சட்டம், ஒன்றுக்குள் ஒன்று செருகி உயர்த்தலாம். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து நடவு வேலைக்காக இரவலாக வந்தது. அதற்குக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி.

கிராணி ஐயா யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, செம்மண் பூமியில் வாழ்ந்துகொண்டு ஒரு பொட்டுக் கறை இல்லாமல் திரிவார். எப்படி என்பது லயத்துப் பெண்களுக்கெல்லாம் தீராத கேள்வி. ஸ்டோரிலிருந்து மண்வெட்டி வாங்கினால் கழுவித் துடைத்துத் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் வாங்கமாட்டார். அளவுகோலைக் கேட்டதும் மறுத்துவிட்டார். அண்ணன் கெஞ்சினான். கடைசியில் ஒரு வழி சொன்னார்.

"நானே வந்து பிடிக்கிறன், பிள்ளை. என்ர கையை விட்டு அது போகக் கூடாது."

இப்படியாக எங்கள் அளவைக் குழு அமைந்தது. சுத்தியலும் முளைகளுமாக அண்ணன், அளவுகோலுடன் வெள்ளை உடுப்பில் கிராணி ஐயா, கருவியோடும் கோபத்தோடும் நான்.

திடல் நூறு மீட்டர் நீளம், அறுபது மீட்டர் அகலம். இருபது மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கயிறு பிடித்து, கயிறுகள் சந்திக்கும் இடத்தில் எல்லாம் முளை அடித்தோம். நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் நான்கு. இருபத்து நான்கு முளை, பதினைந்து சதுரம். மூலைகள் செங்கோணமாக வர நாடாவை மூன்றுக்கு நான்குக்கு ஐந்தாகப் பிடித்துப் பார்த்தேன். அண்ணன் ஒவ்வொரு முளையையும் எதிரணிக்காரனின் தலை என்று நினைத்து அடித்தான்.

கணக்கு தொடங்க அசையாத ஒரு புள்ளி வேண்டும். பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்தின் சிமெண்டு மேடையைப் பிடித்தேன். அதன் உயரம் பத்து மீட்டர் என்று நானே வைத்துக்கொண்டேன். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு என்ற கவலை பந்து விளையாட்டுக்கு வேண்டாம். திடலின் நடுவில் கருவியை வைத்து, கிராணி ஐயாவை மேடையில் அளவுகோலோடு நிறுத்திப் பார்த்தேன். ஒன்றே கால் மீட்டர். ஆக என் பார்வைக் கோடு பதினொன்றே கால் மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. இனி எந்த முளைக்குப் பக்கத்தில் தரையில் கோலை நிறுத்தினாலும், அதில் தெரியும் எண்ணைப் பதினொன்றே காலிலிருந்து கழித்தால் அந்தத் தரையின் உயரம். கோலில் எண் கூடினால் தரை பள்ளம், குறைந்தால் மேடு.

"முளைத் தலையில வெக்காதீங்க ஐயா, பக்கத்துல தரையில வைங்க!" என்று ஆரம்பத்திலேயே கத்திச் சொல்லிவிட்டேன். "தெரியும், பிள்ளை," என்று பதில் வந்தது.

அவர் முளை முளையாகப் போனார். தொலைநோக்கியில் கோலின் நடுப்பகுதியும், அதைப் பிடித்த இரண்டு சுத்தமான கைகளும் தலைகீழாகத் தெரிந்தன. நான் வாசித்தேன், எழுதினேன், அடுத்தது என்று கையசைத்தேன். எல்லாம் முடிந்து மறுபடியும் கொடிக்கம்பத்து மேடையில் நிறுத்திப் பார்த்தபோது இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கருவி அசையவில்லை. எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூலை முளைகள் நான்கும் ஒரே ஒரு சதுரத்துக்குச் சொந்தம், அதனால் ஒரு பங்கு. ஓரத்து முளைகளுக்கு இரண்டு பங்கு, உள்ளே இருக்கும் முளைகளுக்கு நான்கு பங்கு. எல்லாம் கூட்டி அறுபதால் வகுத்தால் திடலின் சராசரி உயரம். அந்த உயரத்துக்குத் திடலைக் கொண்டுவந்தால் வெட்டுவதும் நிரப்புவதும் சமமாகும். ஆனால் மண் அப்படி நாணயமான சரக்கு இல்லை. வெட்டி நிரப்பி மிதித்தால் கொஞ்சம் அமுங்கும், புல்லும் வேரும் கொஞ்சம் கழிவாகப் போகும். அதற்காக இரண்டு சென்டிமீட்டர் இறக்கினேன். தட்டையாக விட்டாலும் தண்ணீர் நிற்கும். அதனால் அகலவாக்கில் ஒரு பக்கம் பதினைந்து சென்டிமீட்டர் ஏற்றி, எதிரே நீளவாக்கில் வாய்க்கால் ஓடும் பக்கம் பதினைந்து இறக்கினேன். நடுவில் மாறாது, சராசரியும் மாறாது, தண்ணீர் மட்டும் வாய்க்காலுக்கு ஓடும். மேட்டுப் பக்கம் கிட்டத்தட்ட ஆயிரம் கன மீட்டர் வெட்ட வேண்டும், அது அப்படியே பள்ளத்துக்கு.

திடலுக்கு வெளியே ஓரமாகப் புதிய முளைகள் அடித்தோம். கோலை முளையின் பக்கவாட்டில் ஏற்றி இறக்கிப் பிடிக்கச் சொல்லி, வேண்டிய எண் வந்ததும் அதன் அடி நிற்கும் இடத்தில் அண்ணன் சிவப்பு மையால் கோடு போட்டான். கோட்டுக்குக் கோடு கயிறு கட்டினால் திடலின் புதிய தரை தெரியும். அந்தச் சனி ஞாயிறு இதற்கே போயிற்று. அடுத்த சனி ஞாயிறு புல்டோசரின் பாடு.

புல்டோசர்க்காரர் நடுத்தர வயதுச் சீனர். வாயில் எப்போதும் பற்றவைக்காத ஒரு சிகரெட். வேலை சுத்தம். மேட்டிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தார். செம்மண் அலை மாதிரி சுருண்டு பள்ளத்தை நோக்கிப் போவதைப் பார்க்க லயமே கூடிவிட்டது. சனிக்கிழமை முடிவில் முக்கால் திடல் பலகையாகக் கிடந்தது. அண்ணன் அதில் வெறுங்காலோடு நடந்து பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தம் நின்றது. வண்டியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார்.

"தானா தா சுக்கோப்லா, அமோய்," என்றார். மண் பத்தாது, பெண்ணே என்று அர்த்தம்.

போய்ப் பார்த்தேன். மேடு முழுக்கச் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது. இனி வெட்ட எதுவும் இல்லை. ஆனால் பள்ளத்துக் கோல் கம்பத்தின் முன்னால், திடலின் அகலம் முழுக்க, ஐந்து மீட்டருக்கு ஒரு பட்டை முழங்கால் ஆழத்துக்கு மேல் பள்ளமாகவே கிடந்தது. வேறு எங்கும் இல்லை, வாத்துக் குளம் இருந்த அதே இடம். முப்பது லோரி மண் வேண்டும் என்றார் அவர்.

முப்பது லோரி! எனக்குத் தலைக்கேறியது. மண்ணை எங்கே தள்ளினீர்கள், காட்டுப் பக்கம் போனதா, கோட்டைப் பார்த்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் அவர் மேல் கொட்டினேன். அவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்து, மறுபடியும் வைத்துக்கொண்டார். அண்ணன் அந்தப் பட்டையின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டான்.  சாயங்காலம் புல்டோசரை ஏற்றிக்கொண்டு போக லோரி வந்துவிடும்.

கணக்கைத் திரும்பப் போட்டேன். சரி. பங்குகளைத் திரும்பக் கூட்டினேன். சரி. கருவியோ சரி, முடிவில் பார்த்த கொடிக்கம்பமும் சரி. எல்லாம் சரியாக இருந்து மண் மட்டும் இல்லை என்றால் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிக்காதா?

வாய்க்கால் ஓரத்தில், திடலுக்கு வெளியே, தண்ணீர் இறங்குமா என்று பார்க்க போன வாரம் அளந்த ஒரு முளை தொடப்படாமல் நின்றது. அதைத் திரும்ப அளந்து பார்த்துவிடுவோம் என்று கிராணி ஐயாவைக் கூப்பிட்டேன். எந்த முளை என்று காட்ட நானே கூட நடந்து போனேன். போனது நல்லதாகப் போயிற்று.

முளைக்குப் பக்கத்தில் நின்றார். காற்சட்டைப் பையில் கையை விட்டு, உள்ளங்கை அளவு ஒரு பலகைத் துண்டை எடுத்தார். இழுத்து எடுக்க வசதியாக அதில் ஒரு நூல் வேறு. ஈரத் தரையில் அதைப் பூப்போல வைத்து, அதன் மேல் அளவுகோலை நிறுத்தி, "பாருங்கோ, பிள்ளை," என்றார்.

குனிந்து அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தேன். 

"இது என்ன ஐயா?"

"பலகை."

"பலகைன்னு தெரியுது. எதுக்கு?"

"அடியில சேறு பிடிக்கக் கூடாதெல்லோ. ஹெட் ஆபீஸ் சாமான். வந்த மாதிரியே திரும்பிப் போக வேணும்."

"எல்லா முளையிலயும் இப்படித்தான் வெச்சீங்களா?"

"ஓம். ஒண்டும் விடேல்ல," என்றார் பெருமையாக.

"கொடிக்கம்பத்துல?"

"அங்க ஏன் பிள்ளை? அது சீமெந்து. கூட்டித் துடைச்ச சீமெந்து."

அண்ணன் எழுந்து வந்திருந்தான். "நானும் பார்த்தேன்லா," என்றான். "ஸ்டாஃபுக்குச் செருப்பு போலன்னு நெனச்சேன். அப்படித்தான் போடுவாங்களாக்கும்னு விட்டுட்டேன்."

பலகையைப் பிடுங்கி நாடாவை வைத்தேன். இருபத்தைந்து மில்லிமீட்டர். ஓர் அங்குலம். கோல் ஓர் அங்குலம் உயர்ந்து நின்றதால் எண் ஓர் அங்குலம் குறைந்தது. எண் குறைந்ததால் தரை ஓர் அங்குலம் மேடாகக் கணக்கில் ஏறியது. இருபத்து நான்கு இடத்திலும் அதே பொய், ஒரே அளவு பொய், அதனால் திடலின் வடிவத்தில் ஒரு பிசகும் தெரியவில்லை. கொடிக்கம்பத்தில் மட்டும் உண்மை. அங்கேயும் அந்தப் பலகையை வைத்துத் தொலைத்திருந்தால் பொய்க்குப் பொய் கழிந்து ஒன்றுமே நடந்திருக்காது. அவருடைய சுத்தம் பாதியில் நின்றதுதான் வினை.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திறந்தபடியே மனசுக்குள் பெருக்கினேன். ஆறாயிரம் சதுர மீட்டர், இரண்டரை சென்டிமீட்டர். நூற்றைம்பது கன மீட்டர். லோரிக்கு ஐந்து என்றால் முப்பது லோரி. புல்டோசர்க்காரர் கண்ணால் பார்த்துச் சொன்ன அதே முப்பது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காணாமல்போன மண் எங்கேயும் போகவில்லை, திடல் முழுக்க ஓர் அங்குலமாகப் பரந்து படுத்துக் கிடந்தது. கிராணி ஐயா எதற்குச் சிரிக்கிறேன் என்று புரியாமல், சேறு படாமல் அளவுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்.

சொன்னேன். விளங்கியதும் அவர் முகம் வெளிறிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் துரையின் லேண்ட்ரோவர் வந்து நின்றது. இறங்கிய துரை பட்டைப் பள்ளத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், "சோ?" என்றார். நான் பேசுவதற்குள் கிராணி ஐயா இரண்டடி முன்னால் போய், பிழை ஸ்டோர் பக்கத்தில் நடந்தது என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. "ஓர் அங்குலம் இறக்கணும் சார், சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்," என்று நான் புகுந்தேன். முடியட்டும், மழைக்குப் பிறகு பார்க்கிறேன் என்று ஏறிப் போய்விட்டார்.

புல்டோசர்க்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கோபத்தில் மலாய் வந்த வேகத்துக்கு மன்னிப்பில் வரவில்லை. பலகையைக் காட்டினேன். அவர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, திடலைப் பார்த்து, கிராணி ஐயாவின் வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்து, முதன்முதலாகச் சிரித்தார். அம்மா கட்டிக் கொடுத்த நாசி லெமாக் சோற்றை வண்டியிலேயே வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மேட்டிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். நானும் அண்ணனும் முளை முளையாக ஓடி, எல்லாக் கோட்டையும் ஓர் அங்குலம் இறக்கினோம். கிராணி ஐயாவும் கூட ஓடினார். பலகை இல்லாமல், கோலின் அடி சேற்றில் பதிய. ஒவ்வொரு முறையும் துடைத்தார், அது வேறு. அங்குலம் அங்குலமாகச் சுரண்டி வந்த மண் அந்தப் பட்டையில் விழுந்து விழுந்து, ஏற்றிப் போகும் லோரி வந்து நிற்கையில் கோல் கம்பத்துக்கு முன்னால் தரை கோட்டைத் தொட்டது. என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு செம்மண் தரையை நான் பார்த்ததில்லை.

புல் பிடித்து, நன்றாக வேரோடியதும், முதல் ஆட்டத்துக்குக் கோல சிலாங்கூர்ப் பக்கத்து எஸ்டேட் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். பாதி ஆட்டத்தில் அடைமழை. எல்லோரும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கு ஓடினோம். துரை குடையோடு வந்து நின்றார். அண்ணன் நகத்தைக் கடித்தான். மழை விட்டதும் யாரும் பந்தைத் தேடவில்லை, அந்தக் கோல் கம்பத்தைத்தான் பார்த்தார்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோல் முன்னால் புல் நனைந்து நின்றது, அவ்வளவுதான். துரை குடையை மடக்கினார். "விளையாடுங்கள்," என்றார். அதற்குப் பிறகு திடலில் கன்று நடும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஆட்டத்தில் நாங்கள் நான்கு கோல் வாங்கித் தோற்றோம். இத்தனை காலம் எங்கள் பள்ளத்துக் கோலைப் பாதி காத்தது அந்தக் குளம்தான். வேகமாக வருகிற பந்து அதில் விழுந்து செத்துவிடும், அண்ணன் நிதானமாகப் போய் எடுத்துக்கொள்வான். இப்போது பந்து சமதரையில் சீறிக்கொண்டு நேரே வலைக்குள் போனது. ஒவ்வொரு கோலுக்கும் லயத்துப் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேறெங்கோ பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அண்ணன் வரவில்லை. திட்டப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். அவன் கோல் முன்னால் தனியாக நின்று பந்தைத் தரையில் போட்டான். அது துள்ளி அவன் கைக்கே வந்தது. மறுபடியும் போட்டான், மறுபடியும் வந்தது.

"இங்க பாரேன் தங்கச்சி," என்றான். "பந்து எழும்புதுலா."

 பந்தை இங்கே கொடு என்று வாங்கி, நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்.